இருபது எச்சங்களும் ஒரு முற்றும்

மாணவர்களே, நீண்ட வாக்கியத்தைச் சிறு வாக்கியங்களாகப் பிரித்து எழுதும் பயிற்சி உங்களுக்குப் புதிதன்று. வினையெச்சம் வரும் இடமெல்லாம் அதை வினைமுற்றாக மாற்று, முற்றுப்புள்ளி இடு, வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறு செய்தால் விடையில் இலக்கணப் பிழை இராது. ஆனால், அந்த வாக்கியத்தை எழுதியவரின் குரல் அதில் இராது. எல்லா எச்சங்களையும் முற்றாக்குவது பிரித்தல் ஆகாது என்பது என் கருத்து. எங்கே பிரிக்க வேண்டும், எங்கே பிரிக்கக் கூடாது என்று அறிந்து பிரித்தால்தான் பொருளும் தொனியும் மாறாமல் நிற்கும். இதனை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஊரிலிருந்து வந்த பாட்டியைப் பற்றி ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம்:

"பாட்டி விடியற்காலையில் எழுந்து, குளித்து, வாசலில் கோலமிட்டு, பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று எள்ளைக் கூடுதலாகச் சேர்த்து மாவு பிசைந்து, முறுக்குப் பிழிந்து, பொரித்தெடுத்து, ஆறவைத்து, தகர டப்பாவில் உடையாமல் அடுக்கி, மாமா வந்து அவசரப்படுத்த, டப்பாவைத் துணியில் சுற்றிக் கட்டி, சென்னையில் வண்டியேறி, இரண்டு இரவுகள் சரியாக உறங்காமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, தில்லி நிலையத்தில் இறங்கி, எங்களைக் கண்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் அதை எங்கள் கையில் கொடுத்தார்."

பொரித்தெடுத்து, ஆறவைத்து, வைத்துக்கொண்டு போன்றவற்றை ஒவ்வொரு வினையாகவே கொள்வோம். 'என்று', 'கண்டதும்' ஆகிய இரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டா. அப்போதும் இவ்வாக்கியத்தில் 20 வினையெச்சங்கள் இருக்கின்றன. வாக்கியத்தை முடித்து வைக்கும் வினைமுற்று ஒன்றே ஒன்று. அது 'கொடுத்தார்' என்பது.

இவ்வாக்கியம் பிழையானதன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்லும்போது இப்படித்தான் சொல்கின்றனர். ஒரு செயலின்மேல் மற்றொரு செயலை அடுக்கிக்கொண்டே போய், கடைசி வினையில் மூச்சை விடுகின்றனர். பாட்டி பட்ட பாடு முழுவதும் அந்தக் 'கொடுத்தார்' என்ற சொல்லில் வந்து இறங்குகிறது. கேட்பவருக்கு இது இனிமை. படிப்பவருக்கோ இடையில் கண் தடுமாறும். யார் அவசரப்படுத்தினார், யார் கட்டினார், எது மடியில் இருந்தது என்று திரும்பிச் சென்று பார்க்க நேரும். ஆகவே பிரிக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த உழைப்பும் அன்பும் கலையாதபடி பிரிக்க வேண்டும்.

முதலில் வினையெச்சம் என்பது எதைத் தன்னிடம் வைத்திருக்கிறது, எதைக் கடன் வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். 'எழுந்து' என்ற சொல்லைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்தது நானா, நீயா, அவரா, அவையா? சொல்லில் விடை இல்லை. 'எழுந்து வந்தேன்', 'எழுந்து வருவாய்', 'எழுந்து வந்தன' என எல்லாவற்றோடும் அது பொருந்தும். காலமும் அப்படியே. 'எழுந்து' என்பதை இறந்தகால வினையெச்சம் என்கிறோம். ஆயினும் 'நாளை எழுந்து போவேன்' என்று தயங்காமல் சொல்கிறோம். அடுத்த வினைக்கு முன் இது நிகழ்ந்துவிடும் என்பதே அந்த இறந்தகாலத்தின் பொருள். இந்தியில் நீங்கள் அன்றாடம் பேசும் 'உட்கர்', 'நஹாகர்' போன்ற சொற்களும் இத்தகையவையே. அவற்றைக் கொண்டு மட்டும் ஆணா பெண்ணா, நேற்றா நாளையா என்று சொல்லிவிட முடியாது.

எனவே, திணை, பால், எண், இடம், காலம், மரியாதை ஆகிய அனைத்தையும் எச்சம் கடைசி முற்றிடமிருந்தே பெறுகிறது. நீங்கள் எச்சத்தை வெட்டி முற்றாக்கும்போது அந்தக் கடனை அதற்குத் திருத்தமாகக் கொடுத்தாக வேண்டும். 'நாளை எழுந்து, குளித்து, கோவிலுக்குப் போவேன்' என்பதைப் பிரிப்பவர் 'நாளை எழுந்தேன்' என்று எழுதினால், எச்சத்தின் வடிவத்தைப் பார்த்து ஏமாந்தார் என்று பொருள். 'நாளை எழுவேன்' என்பதே சரி. அதுபோல, பாட்டியைப் பற்றிய வாக்கியம் 'கொடுத்தார்' என முடிகிறது. ஆகவே உள்ளே வரும் பாட்டியின் வினைகள் அனைத்தும் 'எழுந்தார்', 'பிசைந்தார்' என்றே அமைய வேண்டும். ஓரிடத்தில் 'பிசைந்தாள்' என்றும் மற்றோரிடத்தில் 'கொடுத்தார்' என்றும் எழுதினால் மரியாதை ஒரே பத்தியில் ஏறி இறங்கும். தொனி உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி, பிரிப்பதில் நேரும் இரண்டு தவறான வழிகளைப் பார்ப்போம். முதல் வழியில் எழுதியவர் வினையை மாற்றாமல் புள்ளியை மட்டும் இடுகிறார்: "பாட்டி விடியற்காலையில் எழுந்து, குளித்து. வாசலில் கோலமிட்டு." இங்கே புள்ளி இருக்கிறது, முடிவு இல்லை. தமிழில் வாக்கியத்தை முடிப்பது வினைமுற்றேயன்றிப் புள்ளி அன்று. ஓலைச்சுவடிகளில் இன்று நாம் இடும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் கிடையா. படித்தவர்கள் வாக்கியத்தின் எல்லையை வினைமுற்றைக் கொண்டும் பொருளைக் கொண்டும் அறிந்துகொண்டனர். எச்சம் என்ற சொல்லுக்கே எஞ்சி நிற்பது என்பதுதான் பொருள். எஞ்சி நிற்பதன்மேல் புள்ளி வைத்தால் அது முற்றிவிடாது.

இரண்டாம் வழியில் எல்லாவற்றையும் முற்றாக்குகின்றனர்: "பாட்டி விடியற்காலையில் எழுந்தார். குளித்தார். கோலமிட்டார். எள்ளைக் கூடுதலாகச் சேர்த்தார். மாவு பிசைந்தார். முறுக்குப் பிழிந்தார். பொரித்தெடுத்தார். ஆறவைத்தார்." இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருவர் என்னென்ன செய்தார் என்று மறைந்திருந்து கவனித்து எழுதிய குறிப்புப் போல ஒலிக்கிறது. குளித்ததும் கொடுத்ததும் ஒரே எடை பெற்றுவிட்டன. நீண்ட வாக்கியத்தில் சிறு செயல்கள் பெரிய செயலுக்குத் துணை நின்றன. இங்கே எல்லாம் தனித்தனியே நிமிர்ந்து நிற்கின்றன. சிலர் இந்த வறட்சியைப் போக்க ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் 'பிறகு', 'அதன் பிறகு' என்று சேர்ப்பர். எச்சம் தன் உருவத்திலேயே சொல்லாமல் சொன்ன வரிசையை இப்போது எட்டுமுறை உரக்கச் சொல்ல வேண்டியதாகிறது.

அப்படியானால் எங்கே வெட்டுவது? செய்பவர் மாறும் இடத்தை முதலில் தேடுங்கள். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது நன்னூல் கூறும் விதி. அதாவது, எழுந்தவர் யாரோ அவரே கோலமிட்டவர். 'செய' என்னும் வாய்பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது பிறர் வினையையும் ஏற்கும். நம் வாக்கியத்தில் 'மாமா வந்து அவசரப்படுத்த' என்பதில் 'அவசரப்படுத்த' என்பது இந்தச் 'செய' வாய்பாடு. அவசரப்படுத்தியவர் மாமா, கட்டியவர் பாட்டி. அதற்கு முன் நிற்கும் 'வந்து' என்பதும் மாமாவின் வினையே, பாட்டியுடையதன்று. ஆகவே இங்கே ஒரு தனி வாக்கியம் பிறக்க வேண்டும்: "அதற்குள் மாமா வந்து அவசரப்படுத்தினார்."

இப்படி வெட்டிய உடனே ஒரு புதிய பொறுப்பு வருகிறது. தமிழில் எழுவாயை ஒவ்வொரு வாக்கியத்திலும் சொல்ல வேண்டியதில்லை. வினைமுற்றே அதைக் காட்டிவிடும். அதனால்தான் 'பாட்டி', 'பாட்டி' என்று திரும்பத் திரும்ப எழுதாமல் நாம் பிரிக்க முடிகிறது. ஆனால், மாமாவின் வாக்கியத்துக்கு அடுத்து 'டப்பாவைத் துணியில் சுற்றிக் கட்டினார்' என்று எழுதினால், கட்டியவர் மாமா ஆகிவிடுவார். இருவருக்கும் 'ஆர்' விகுதிதானே! எனவே அங்கே மட்டும் 'பாட்டி' என்னும் எழுவாயை மீண்டும் சொல்ல வேண்டும். செய்பவர் மாறினால் பெயரைச் சொல்லுங்கள், மாறாவிட்டால் விட்டுவிடுங்கள்.

செய்பவர் மாறாத இடங்களில் இடமோ வேலையோ மாறும் இடம் பார்த்து வெட்டலாம். எழுந்து, குளித்து, கோலமிட்டது காலைக் கடமை. மாவு பிசைந்தது முறுக்கு வேலையின் தொடக்கம். பிழிந்து, பொரித்து, ஆறவைத்து, அடுக்கியது அதன் நிறைவு. வண்டியேறியது ஓரிடம்; பயணம் மற்றோரிடம்; நிலையம் வேறோரிடம். ஒவ்வொரு தொகுதியின் கடைசி எச்சத்தை மட்டும் முற்றாக்கினால் போதும். மற்றவை எச்சங்களாகவே இருக்கட்டும். இரண்டு மூன்று எச்சங்கள் ஒரு வாக்கியத்துக்குச் சுமையல்ல. அவையே அதற்கு நடை தருகின்றன.

வெட்டவே கூடாத எச்சங்களும் உண்டு. 'மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து' என்பதில் வைத்துக்கொண்டதும் வந்ததும் அடுத்தடுத்த இரு செயல்கள் அல்ல. எப்படி வந்தார் என்பதையே முதற்பகுதி சொல்கிறது. 'மடியில் வைத்துக்கொண்டார். வந்தார்.' என்று பிரித்தால் இரண்டு இரவுகளும் அவர் அதைச் சுமந்திருந்தார் என்ற செய்தி போய்விடும். 'சிரித்துப் பேசினார்', 'ஓடி வந்தாள்' போன்றவையும் இத்தகையவை. இரண்டு வினைகளுக்கும் நடுவே 'பிறகு' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஓடி, பிறகு வந்தாள்' என்பது பொருந்தவில்லை அல்லவா? பொருந்தாவிட்டால் அங்கே கத்தி வைக்காதீர்கள். 'வந்துவிட்டார்', 'பார்த்துக்கொண்டிருந்தார்' என்பவற்றில் பின்னால் நிற்பவை துணைவினைகள். அவற்றையும் பிரிக்க இயலாது.

காரணம் ஒளிந்திருக்கும் எச்சத்தில் கூடுதல் கவனம் தேவை. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதை 'மழை பெய்தது. குளம் நிறைந்தது.' என்று பிரித்தால், இரண்டும் தனித்தனிச் செய்திகள் ஆகிவிடும். மழையால் குளம் நிறைந்தது என்ற தொடர்பு தளரும். அங்கே 'அதனால்' என்று ஒரு சொல் சேர்ப்பது நியாயம். 'பிறகு' என்பதைத் தவிர்க்கச் சொன்ன நானே இதைச் சேர்க்கச் சொல்வது முரணன்று. வரிசையை வாக்கியங்களின் அடுக்கே காட்டிவிடும். காரணத்தை அது எப்போதும் காட்டாது.

எதிர்மறை வரும் இடத்திலும் நின்று யோசிக்க வேண்டும். 'கண்ணன் சாப்பிட்டு வரவில்லை' என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள் கொள்ளலாம். கண்ணன் வந்தான், ஆனால் சாப்பிடாமல் வந்தான் என்பது ஒன்று. சாப்பிட்டான், ஆனால் வரவில்லை என்பது மற்றொன்று. முன்பின் வாக்கியங்களைப் பார்த்து எது என்று முடிவு செய்த பின்னரே இதைப் பிரிக்க முடியும். பிரித்த வாக்கியத்தில் இரண்டு பொருளுக்கும் ஒருசேர இடமிராது.

இப்போது பாட்டியின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். இன்னும் ஒரு சொல் நமக்குத் தொல்லை தரும். அது 'அதை' என்னும் சிறு சொல். நீண்ட வாக்கியத்தில் 'டப்பாவை' என்று சொன்ன மூச்சிலேயே 'அதை' வந்ததால் ஐயம் எழவில்லை. இப்போது 'சென்னையில் வண்டியேறினார்.' என்று புள்ளி இட்டுவிட்டு, 'அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்' என்று தொடங்கினால், பாட்டி வண்டியையே மடியில் வைத்துக்கொண்டார் என்று ஆகிவிடும்! ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் சுட்டுச்சொல்லின் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது. எனவே 'அதை' என்பது வரும் இடங்களில் எதைச் சுட்டுகிறது என்று பார்த்து, தேவையானால் பெயரைத் திரும்ப வைக்க வேண்டும்.

இவ்வளவையும் கருதிப் பிரித்தால் வாக்கியம் இவ்வாறு அமையும்:

"பாட்டி விடியற்காலையில் எழுந்து, குளித்து, வாசலில் கோலமிட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று எள்ளைக் கூடுதலாகச் சேர்த்து மாவு பிசைந்தார். முறுக்குப் பிழிந்து, பொரித்தெடுத்து, ஆறவைத்து, தகர டப்பாவில் உடையாமல் அடுக்கினார். அதற்குள் மாமா வந்து அவசரப்படுத்தினார். பாட்டி டப்பாவைத் துணியில் சுற்றிக் கட்டி, சென்னையில் வண்டியேறினார். இரண்டு இரவுகள் சரியாக உறங்காமல் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தில்லி நிலையத்தில் இறங்கினார். எங்களைக் கண்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் அந்த டப்பாவை எங்கள் கையில் கொடுத்தார்."

ஒரு வாக்கியம் எட்டு ஆகியிருக்கிறது, இருபத்தொன்று ஆகவில்லை. 20 எச்சங்களில் ஏழு மட்டுமே முற்றாக மாறின. புதிதாகச் சேர்ந்த சொற்கள் 'அதற்குள்', 'பாட்டி', 'டப்பாவை', 'அந்த டப்பாவை' என்பவை மட்டுமே. 'தில்லி நிலையத்தில் இறங்கினார்' என்பதைக் கடைசி வாக்கியத்தோடு சேர்த்தும் எழுதியிருக்கலாம். தனியே நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மூல வாக்கியம் கடைசி வினைவரை நம்மைக் காத்திருக்க வைத்தது. அந்தக் காத்திருப்பைச் சிறிதேனும் காக்க, கொடுப்பதற்கு முன் ஒரு சிறு வாக்கியம் நின்று மூச்சு விடுகிறது. அதன்பின் கொடுத்த செயல் தனக்கென்று முழு வாக்கியம் பெறுகிறது.

எழுத்திலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 'சுற்றிக் கட்டி' என்பதில் இகரத்தில் முடியும் வினையெச்சத்தின் பின் 'க்' மிகுந்தது. 'எடுத்துக் கொடுத்தாள்' என்பதிலும் அவ்வாறே ஒற்று வந்தது. இவற்றைப் பிரித்து முற்றாக்கினால் ஒற்றுக்கு வேலையில்லை: 'எடுத்தாள். கொடுத்தாள்.' அவசரத்தில் அந்த ஒற்றை நீக்க மறப்பவர் பலர்.

பிரித்தது சரியா என்று அறிய, பிரித்த வாக்கியங்களை மீண்டும் எச்சங்களால் கோத்துப் பாருங்கள். மூல வாக்கியத்தின் பொருள் குறைவின்றித் திரும்பக் கிடைத்தால் எதுவும் சிந்தவில்லை. யாரோ ஒருவர் மாறிப்போனாலோ, காரணம் ஒன்று காணாமற்போனாலோ, அந்த இடத்தில் பிரிப்பு தவறிவிட்டது. பொருளுக்கு இச்சோதனை போதும். தொனிக்கு வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வேறு சோதனை இல்லை. மூலத்தையும் உங்கள் விடையையும் அடுத்தடுத்துப் படித்து, இரண்டையும் சொன்னவர் ஒருவரே என்று காதுக்குத் தோன்றுகிறதா என்று கேளுங்கள்.

நீண்ட வாக்கியமே தமிழின் இயல்பு, அதைப் பிரிப்பது ஆங்கில நடைக்கு அடிமையாவது என்று கூறுவோரும் உளர். அவர்கள் சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். கதையில் ஒருவரின் ஓட்டத்தையோ களைப்பையோ காட்டவே ஆசிரியர் எச்சங்களை அடுக்கியிருந்தால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆனால், பொருள் தடுமாறும் இடத்தில் பிரிப்பது நம் மொழிக்கு அயலானதன்று. எச்சமும் முற்றும் இரண்டுமே நம் இலக்கணத்தின் உடைமைகள். ஒன்றை மட்டும் பயன்படுத்தவேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியர் தொலைபேசியில் சொல்லும் செய்திகளை நீங்கள் எழுத்தில் வடிக்கும் நாள் வரும். அவர்கள் எச்சங்களாக அடுக்கியே பேசுவார்கள். நீங்கள் எல்லாவற்றையும் வெட்டினால் செய்தி மட்டும் மிஞ்சும், பேசியவர் மறைந்துபோவார். அதற்கு முன்னோட்டமாகக் கீழுள்ள வாக்கியத்தைப் பிரித்து எழுதுங்கள்.

"அப்பா மாலையில் அலுவலகத்திலிருந்து வந்து, முகம் கழுவி, தேநீர் அருந்தி, தங்கை ஓடிவந்து பள்ளியில் பெற்ற பரிசைக் காட்ட, அதை வாங்கிப் பார்த்து மகிழ்ந்து, ஊரிலிருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, தாம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், பேசியைத் தங்கையின் கையில் கொடுத்தார்."

எழுதத் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். செய்பவர் எங்கே மாறுகிறார், எங்கே மீண்டும் பெயர் சொல்லப்பட வேண்டும்? எந்த எச்சத்தை வெட்டக் கூடாது? இரண்டு இடங்களில் வரும் 'அதை' என்பதில் எதற்குப் பெயர் தேவைப்படும்? விடை நான்கு முதல் ஆறு வாக்கியங்களுக்குள் அமையட்டும். அப்பா ஏன் தாமே சொல்லவில்லை என்பது உங்கள் கடைசி வாக்கியத்தைப் படிக்கும்போதும் விளங்க வேண்டும்.